வடக்குச் சுவரில் விழாத வெயில்

பழைய மகாபலிபுரம் சாலையில் நாவலூரைத் தாண்டிப் போகிறவர்களுக்கு அந்த விளம்பரப் பலகைகள் பழக்கமாகியிருக்கும். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று, அதன் முகப்பில் பொன்னாக மாலை வெயில், பின்னால் கருநீல வானம், வாசலில் மூன்றாம் மாடிவரை வளர்ந்த மரங்கள். கட்டடத்துக்கு அஸ்திவாரம்கூடத் தோண்டியிருக்க மாட்டார்கள், படம் மட்டும் தயாராக நிற்கும். எங்கள் தொழிலில் இதை ரெண்டர் என்போம். பில்டர்களும் வீடு வாங்க வருகிறவர்களும் த்ரீடி வியூ என்பார்கள். பதினைந்து வருடமாக இந்தப் படங்களைச் செய்வதுதான் என் வேலை. அதில் ஒரு படத்தை நான் தவறாகச் செய்தேன். ரெண்டரை எப்படிப் பார்க்க வேண்டும் என்று எனக்கே கற்றுக்கொடுத்தது அந்தப் படம்தான்.

சிறுசேரிக்கு உள்ளே 40 அடி சாலையை ஒட்டிய திட்டம் அது. கீழே கார் நிறுத்த ஸ்டில்ட், மேலே ஐந்து மாடி. சென்னைப் பக்கம் இந்த அளவில் இத்தனை கட்டடங்கள் எழுவதற்குக் காரணம் உண்டு. 18.30 மீட்டர் உயரத்தைத் தாண்டினால் விதிப்படி அது உயர்மாடிக் கட்டடமாகிவிடும், அப்புறம் நிபந்தனைகள் வேறு. முகப்பு வடக்கு பார்த்தது. வாஸ்து பார்ப்பவர்கள் நிறைந்த ஊரில் 'வடக்கு வாசல்' என்று போட்டாலே விசாரிக்க ஆள் வரும் என்பதால், பில்டர் தரப்பில் எல்லோருக்கும் அதில் சந்தோஷம்.

கட்டடக் கலைஞர் தந்த வரைபடத்தை வைத்து முதலில் கணினியில் கட்டடத்தின் மாதிரியை எழுப்புவோம். பிறகு சுவருக்குப் பெயின்ட், ஜன்னலுக்குக் கண்ணாடி, தரைக்குக் கல் என்று ஒவ்வொன்றாகப் பூசுவோம். கடைசியில் சூரியனை வைப்போம். மென்பொருளில் சூரியனுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. ஊர், தேதி, மணி, வடக்கு எந்தப் பக்கம் என்ற நான்கு விவரம் கொடுத்தால் அந்த நேரத்து வெயில் அந்தக் கட்டடத்தில் எப்படி விழுமோ அப்படியே விழும். சூரியன் நிற்கும் இடத்தைக் கணக்குப் போட்டுச் சொல்வதில் அது தவறுவதே இல்லை.

நான் நான்கையும் சரியாகக் கொடுத்தேன். முகப்பு நிழலில் கிடந்தது. படத்தைப் பார்த்த விற்பனைப் பிரிவு மேலாளர் முகம் சுளித்தார். "என்ன சார், செத்துப்போன மாதிரி இருக்கு? முகப்புல நல்லா ஈவினிங் வெயில் அடிக்கணும். வானம் நல்ல டார்க் ப்ளூவா போடுங்க." அன்று ராத்திரி வடக்கைக் காட்டும் அம்பைப் பிடித்துத் திருப்பினேன். அரைவட்டத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் திருப்பியதும் சூரியன் முகப்புக்கு எதிரே வந்து நின்றது. சுவர் சந்தன நிறத்தில் மின்னியது. என்னோடு வேலை பார்த்த பெண் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "அண்ணா, நார்த் அந்தப் பக்கம்தானே?" என்று கேட்டாள். படத்துக்காகத்தான் என்று சொல்லிச் சமாளித்தேன். மறுநாளே படம் அங்கீகாரமாகிவிட்டது.

கட்டி முடிந்து சாவி கொடுத்த வருடம், ஜனவரி மாதம், வேறொரு வேலையாக அந்த பில்டர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எங்கள் படம் அச்சான புத்தகத்தைக் கையில் வைத்திருந்தார். படம் செய்தவன் நான் என்று தெரிந்ததும் என் பக்கம் திரும்பினார். கோபமெல்லாம் இல்லை. "தம்பி, மூணு வாரமா காலையிலயும் பாக்கறேன், சாயங்காலமும் பாக்கறேன். இந்த வெயில் எந்தப் பக்கத்துல இருந்து வருது?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பதில் இதுதான். சென்னை 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. புரட்டாசி முதல் வாரத்திலிருந்து பங்குனி முதல் வாரம்வரை, அதாவது செப்டம்பர் 23 வாக்கிலிருந்து மார்ச் 21 வாக்குவரை, சூரியன் உதிப்பதும் மறைவதும் தெற்கே சாய்ந்துதான். நேர் வடக்கு பார்த்த சுவரில் அந்த ஆறு மாதமும் நேரடி வெயில் விழ வழியே இல்லை. ஏப்ரல் 24 வாக்கில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு வரும். அதிலிருந்து ஆகஸ்ட் 18 வாக்குவரை நண்பகலிலும் அது வடக்கேதான் நிற்கும். ஆனால் அத்தனை உயரத்தில் நிற்பதால், ஐந்தடி நீட்டிய பால்கனித் தளமே தனக்குக் கீழே உள்ள சுவர் முழுவதையும் மறைத்துவிடும். மிஞ்சுவது அந்த மாதங்களின் காலையும் மாலையும்தான்.

அந்த மாலை வெயிலாவது படத்தில் இருந்தது போல விழுமா? ஜூன் 21, மாலை 5 மணியை எடுத்துக்கொள்வோம். வருடத்திலேயே வடக்குச் சுவருக்கு மிகச் சாதகமான நாள் அதுதான். அப்போது சூரியன் அடிவானத்திலிருந்து 21 டிகிரி உயரத்தில், நேர் மேற்கிலிருந்து 20 டிகிரி மட்டும் வடக்கே விலகி நிற்கும். அதாவது வெயில் சுவருக்கு எதிரே நின்று அடிக்காது, சுவரை உரசிக்கொண்டு போகும். ஐந்தடி நீண்ட பால்கனிக்குப் பக்கச்சுவர் இருந்தால், அதன் நிழல் முகப்பில் 13 அடிக்கு மேல் நீளும். அடுத்த ஜன்னல் முழுக்க அந்த நிழலுக்குள் போய்விடும். நான் செய்த படத்தில் பால்கனிகளின் நிழல் இரண்டடிகூட இல்லை. ரெண்டரைப் பார்க்கும்போது முதலில் நிழலைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். வெயிலின் நிறத்தை எப்படி வேண்டுமானாலும் அழகாக்கிவிடலாம். நிழலின் நீளமும் திசையும்தான் சூரியனை எங்கே வைத்தார்கள் என்பதைக் காட்டிக்கொடுக்கும். அனுமதி வாங்கிய வரைபடத்தில் வடக்கு அம்பு இருக்கும். அதைப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

வானமும் இதே உண்மையைச் சொல்லும். வடக்கு பார்த்த முகப்பைக் காட்ட வேண்டுமென்றால் சாலையில் தெற்கு பார்த்து நிற்க வேண்டும். தை மாதம் முற்பகலிலோ பிற்பகலிலோ அப்படி நின்றால் சூரியன் கட்டடத்துக்குப் பின்பக்கம் இருக்கும். நீல வானம் மிக ஆழமாகத் தெரிவது சூரியனிலிருந்து சுமார் 90 டிகிரி விலகிய பகுதியில். சூரியனைச் சுற்றிய வானம் வெளுத்துத்தான் கிடக்கும். சென்னை போன்ற கடலோர ஊரில், காற்றில் ஈரம் அதிகம் என்பதால், அடிவானம் எந்தப் பக்கமும் பால் கலந்த மாதிரிதான் இருக்கும். நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் மட்டும் கொஞ்சம் கழுவிவிட்டது போலத் தெரியும். அந்தக் கருநீலம் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் வந்தே இருக்காது.

நாங்கள் வைக்கும் வானம் பெரும்பாலும் நிஜமான வானம்தான். எங்கோ ஒருவர் திறந்த வெளியில் நின்று, தலைக்கு மேலுள்ள அரைக்கோளம் முழுவதையும் வெவ்வேறு வெளிச்ச அளவுகளில் படமெடுத்து ஒன்றாகச் சேர்த்திருப்பார். எச்.டி.ஆர்.ஐ. என்று பெயர். அதைக் கட்டடத்தின் மேல் குடை போலக் கவிழ்த்தால், அந்த வானத்தின் வெளிச்சமே கட்டடத்தில் விழும். சிக்கல் எங்கே வருகிறதென்றால், அந்தப் படத்துக்குள்ளேயே ஒரு சூரியன் இருக்கும். அது போதாமல், கூர்மையான நிழலுக்காக நாங்கள் தனியாக இன்னொரு சூரியனை வைப்போம். இரண்டும் ஒரே இடத்தில் இல்லாவிட்டால் மேகத்தின் வலது ஓரம் ஒளிரும், மரத்தின் நிழலும் வலப்பக்கமே விழும். பார்ப்பவருக்கு என்ன தவறு என்று சொல்லத் தெரியாது. ஆனால் கட்டடத்தை வெட்டி வானத்தில் ஒட்டியது போல ஓர் உறுத்தல் இருந்துகொண்டே இருக்கும். மேகத்தின் ஒளிரும் ஓரமும் நிழலும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்தாலே இதைப் பிடித்துவிடலாம்.

அந்தப் படத்தில் நான் செய்த இன்னொரு தவறு வாசல் புல்தரை. இதுவும் அதே சூரியனால் வந்த வினைதான். 18 மீட்டர் உயரக் கட்டடத்தின் நிழல் டிசம்பர் 21 நண்பகலில் வடக்கே 13 மீட்டர்வரை விழும். நண்பகலுக்கே இப்படியென்றால், காலையிலும் மாலையிலும் இன்னும் தள்ளிப் போகும். செப்டம்பர் 23, மார்ச் 21 ஆகிய நாட்களில்கூட முகப்பை ஒட்டிய நான்கு மீட்டர் நாள் முழுக்க நிழலில்தான். நடுவில் உள்ள ஆறு மாதமும் அந்தப் பட்டையில் வெயிலே கிடையாது. நான் அங்கேதான் கம்பளம் மாதிரி கொரியன் புல்லைப் பரப்பியிருந்தேன். நல்ல வெயில் கேட்கிற புல் அது. படத்தைப் பார்த்து அப்படியே போட்டுவிட்டார்கள். ஆசிரியர் என்னைக் கூட்டிப்போய்க் காட்டியபோது அந்த இடத்தில் பாதி மண் தெரிந்தது.

மரங்களின் கதை வேறு. எங்கள் மென்பொருளோடு வரும் மரத் தொகுப்புகளில் மேப்பிளும் பிர்ச்சும் ஓக்கும் ஏராளம். வேம்பும் புங்கையும் பூவரசும் அபூர்வம். அவசரத்தில் இலை பச்சையாக இருந்தால் போதும் என்று எதையாவது நட்டுவிடுவோம். சிறுசேரியில் ஒருநாளும் வளராத மரம் சிறுசேரி வாசலில் நிற்கும். வயது விஷயத்தில் செய்வது இதைவிடப் பெரிய தவறு. நர்சரியிலிருந்து வரும் புங்கங்கன்று எட்டடி, மிஞ்சினால் பத்தடி இருக்கும். தண்டு நம் கட்டைவிரலை விடக் கொஞ்சம் தடிமன். படத்தில் நிற்பது முப்பதடி மரம். அந்த உயரத்தை எட்ட எத்தனையோ வருடம் ஆகும். ஈச்சை, பாக்கு வகை அலங்கார மரங்களை மட்டும் வளர்ந்த பிறகும் பெயர்த்து நடலாம். பில்டர்கள் அவற்றை விரும்புவதற்கு அதுவே காரணம். ஆனால் அவை தரும் நிழல் சொற்பம்.

மரம் நிற்கும் இடத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதையும் அப்போது நான் பார்க்கவில்லை. வாசலில் நான் வரிசையாக நட்ட ஆறு மரங்களில் மூன்று, நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியின் கூரைமேல் நின்றன. சம்ப்புக்கு மேல் இருந்தது ஓரடி மண். அதில் புல் வளரும், சிறு செடிகூட வரலாம். மரத்துக்கு நான்கடி மண்ணாவது வேண்டும். நான்கடி மண் மழையில் நனைந்தால் ஒரு சதுர அடிக்குச் சுமார் 200 கிலோ கனக்கும். அந்தக் கூரையை அதற்காக வார்க்கவில்லை. எனவே மரங்கள் வராமல் போனதில் பில்டரைக் குறை சொல்ல எதுவும் இல்லை, அவற்றை அங்கே நட்டவன் நான். மரத்தை வைக்கும் முன் தொட்டி, கழிவுநீர் சுத்திகரிப்பு அறை, தீயணைப்பு வண்டி சுற்றி வரும் பாதை மூன்றையும் வரைபடத்தில் பார்க்காமல் இப்போதெல்லாம் ஒரு செடிகூட வைப்பதில்லை. வீடு வாங்குகிறவர்களும் படத்தில் உள்ள பூங்காவைக் காட்டி, இது குடியிருப்போருக்கு உரியதா, உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுக்க வேண்டிய ஓ.எஸ்.ஆர். நிலமா என்று கேட்டுவிடுவது நல்லது. இரண்டையும் ஒரே பச்சையில்தான் காட்டுவோம்.

சுவர் நிறத்துக்கு வருகிறேன். ஆசிரியரின் அடுத்த கேள்வி அதுதான். "சந்தன கலர்னு சொன்னாங்க. இது சாம்பலா இருக்கே?" பெயின்ட் மாறவில்லை. நிறக் கார்டில் தேர்ந்தெடுத்த அதே எண்தான். ஆனால் வெயில் விழாத வடக்குச் சுவருக்கு வெளிச்சம் வருவது நீல வானத்திலிருந்து. நீல வெளிச்சத்தில் சந்தன நிறத்தின் மஞ்சள் ஒடுங்கிப்போகும். நான் இல்லாத ஒரு மாலை வெயிலை அதன்மேல் ஊற்றி மஞ்சளைக் கூட்டியிருந்தேன். நிறம் சரியாக இருந்தும் படம் பொய்யாகிவிட்டது. ஒரு பொருளின் நிறத்தை மட்டும் தனியாகச் சரிபார்க்க முடியாது, அது எந்த நேரத்து வெளிச்சத்தில் நிற்கிறது என்பதோடு சேர்த்துத்தான் பார்க்க முடியும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

கணினியில் வெள்ளை நிறம் வைப்பதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. நல்ல வெள்ளைப் பெயின்ட்கூடத் தன்மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு 85 பங்கு வாக்கில்தான் திருப்பியனுப்பும். அவசரத்தில் அதற்கு முழு நூறும் கொடுத்துவிட்டால், வெளிச்சம் ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்குக் குறையாமல் தாவிக்கொண்டே இருக்கும். பால்கனி மூலைகளில் இருக்க வேண்டிய மென்மையான இருட்டு மறைந்து, கட்டடமே சுண்ணாம்புக் கட்டியாகிவிடும். இப்போது நிறக் கார்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் போட்டிருக்கும் ஒளி திருப்பும் அளவைப் பார்த்தே வைக்கிறேன். கண்ணாடியும் அப்படித்தான். பகலில் வீட்டுக்குள் இருக்கும் வெளிச்சம் வெளியை விட மிகக் குறைவு. எனவே வெளியிலிருந்து பார்க்கும்போது ஜன்னல் கருத்து, எதிர்வீட்டையும் வானத்தையும் பிரதிபலிக்கும். பகல் படத்தில் சோபாவும் தொங்குவிளக்கும் ஜன்னல் வழியே பளிச்சென்று தெரிந்தால், அது யாரோ உள்ளே கொண்டுபோய் வைத்த வெளிச்சம்.

மரப்பட்டை வேலைப்பாடு என்று நான் தேக்கின் ரேகை தெரியக் காட்டியிருந்த இடத்தில் வந்தது மர நிறம் பூசிய அலுமினியப் பட்டை. விவரப் பட்டியலில் அப்படித்தான் இருந்தது. உப்புக் காற்றுக்கும் வெயிலுக்கும் அதுதான் தாங்கும் என்பதால் அது நியாயமான தேர்வும்கூட. நான் அந்தப் பட்டியலைப் படித்திருக்க வேண்டும்.

2016-ஆம் வருட ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, விளம்பரத்தில் உள்ள தவறான தகவலை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு பில்டர் ஈடு தர வேண்டும் என்கிறது. விலகிக்கொள்ள நினைத்தால் கட்டிய பணம் வட்டியோடு திரும்ப வேண்டும். படத்தின் மூலையில் 'கற்பனைச் சித்திரம்' என்று பொடி எழுத்தில் போட்டுவிடுவதால் மட்டும் கை கழுவிவிட முடியாது என்பது என் கருத்து. மரம் வளர்ந்த பிறகு எப்படி இருக்கும் என்று காட்டுவது கற்பனை. சூரியனைத் தெற்கிலிருந்து வடக்குக்குக் கொண்டுவருவது தவறான தகவல்.

அதே பில்டர் பக்கத்து மனையில் இரண்டாம் கட்டம் தொடங்கியபோது படம் என்னிடமே வந்தது. முகப்பு மீண்டும் வடக்கு. இந்த முறை இரண்டு படம் செய்து கொண்டுபோனேன். ஒன்று டிசம்பர் காலை 10 மணி. முகப்பு முழுக்க நிழலில் இருந்தாலும், கேமராவில் செய்வது போலக் கூடுதல் வெளிச்சம் வாங்கவைத்தேன். பின்னால் வானம் வெளுத்தது, சுவரின் வளைவு நெளிவெல்லாம் மென்மையாகத் தெரிந்தது. இரண்டாவது, சூரியன் மறைந்து கால்மணி நேரம் கழித்து. வடக்கு முகப்புக்கு நான் கண்டுகொண்ட நல்ல நேரம் அதுதான். வெயில் எந்தப் பக்கம் என்ற கேள்வியே அப்போது இல்லை. வானத்தின் வெளிச்சமும் வீட்டு விளக்கின் வெளிச்சமும் சென்னையில் பத்து நிமிடம்போலச் சமமாக நிற்கும், பிறகு இருட்டிவிடும். தெற்கு பார்த்து நிற்பதால் அந்திச் சிவப்பு படத்தின் வலப்பக்கம் வந்தாக வேண்டும், அங்கேயே வைத்தேன். எல்லா ஜன்னலிலும் விளக்கு எரியவிடவில்லை. பத்தில் ஆறு வீட்டில் எரிய, மற்றவை இருட்டாக இருந்தன. சம்ப்புக்கு மேல் புல்லும் ஸ்பைடர் லில்லியும் மட்டும். சுவரை ஒட்டிய நிழல் பட்டையில் நிழல் தாங்கும் பஃபலோ புல். புங்கைகளைச் சாலையோரம் தள்ளி, ஐந்து வருட வளர்ச்சியில் வைத்து, படத்துக்குக் கீழே அதை எழுதியும் வைத்தேன்.

மேலாளர் பகல் படத்தை வெகுநேரம் பார்த்தார். "இதுல வெயிலே இல்லையே சார்" என்றார். அங்கே வராது என்று சொல்லி வரைபடத்தின் வடக்கு அம்பைக் காட்டினேன். வாதாடினார், விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அந்திப் படம் பலகைக்கும், பகல் படம் விற்பனைப் புத்தகத்துக்கும் என்று முடிவானது. தேதியும் மணியும் இரண்டிலும் அச்சாயின.

ஜூன் மூன்றாம் வாரத்தில் சுவர் நிறத்தின் மாதிரி பூசிப் பார்க்க அங்கே போயிருந்தேன். நான்கடிக்கு நான்கடியாக மூன்று நிறம் பூசியிருந்தார்கள். மாலை ஐந்து மணி இருக்கும். பழைய கட்டடத்தின் முகப்பை மேற்கிலிருந்து வெயில் உரசிக்கொண்டிருந்தது. பால்கனி நிழல்கள் அடுத்த ஜன்னலைத் தாண்டிப் படுத்திருந்தன. அந்தச் சாய்வு வெயிலில், மற்ற நேரங்களில் கண்ணுக்கே தெரியாத பூச்சு வேலையின் மேடுபள்ளம் முழுக்க எழுந்து நின்றது. இரண்டாம் மாடி பால்கனியில் ஆசிரியர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கைப்பிடிச் சுவர்மேல் விழுந்திருந்த ஒரு முழ அகல வெயிலைத் தட்டிக் காட்டினார். "வைகாசியில இருந்து வருது தம்பி. தினமும் குறிச்சு வச்சிருக்கேன்" என்றார்.